24 மி.மீ. எஃகுக் குண்டு: தேர்வில் தவறவிட்ட கணக்கும் பட்டறையில் பிடிபட்ட கணக்கும்

பீன்யாவில் ஒரு பட்டறையில் பகல் வேலை, ஸ்ரீராமபுரத்தில் அறை, இரவில் படிப்பு. இப்படித்தான் ஒரு டெக்னீஷியன் வேலைக்கான எழுத்துத் தேர்வுக்குத் தயாரானேன். பட்டறைக் கணக்குப் பகுதியில் ஒரு கேள்வி: "24 மி.மீ. விட்டமுள்ள திண்ம எஃகுக் குண்டின் எடை என்ன? அடர்த்தி 7.8 கிராம்/க.செ.மீ." நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள்: 56.5, 107.8, 141.1, 451.7 கிராம். நான் கடைசியைத் தேர்ந்தெடுத்தேன். என் கணக்கில் அச்சு அசலாக அதே எண் வந்ததால் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது டூல் ரூம் அண்ணனிடம் கேள்வியைச் சொன்னேன். அவர் காகிதம் எதையும் எடுக்கவில்லை. "தம்பி, அந்தக் குண்டு சரியா அடங்குற மாதிரி ஒரு சதுர இரும்புக் கட்டி வெட்டினா எவ்வளவு எடை வரும், அதை முதல்ல சொல்லு" என்றார்.

2.4 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம். 2.4-ஐ மூன்று முறை பெருக்கினால் 13.824 க.செ.மீ. அதை 7.8-ஆல் பெருக்கினால் 107.8 கிராம். குண்டை அந்தக் கட்டியிலிருந்துதான் கடைந்தெடுக்க வேண்டும். அப்படியானால் அது 107.8 கிராமைத் தாண்டவே முடியாது. நான் போட்டதோ 451.7. 141.1-ம் அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகிறது. 107.8 கட்டியின் எடையேதான், குண்டின் எடை அல்ல. மிச்சம் இருப்பது 56.5 மட்டும்.

நான் எங்கே தவறினேன் என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். பள்ளியில் மனப்பாடம் செய்த கோளத்தின் கன அளவு 4/3 πr³. அந்த r-இடத்தில் 1.2 போடாமல் 2.4 போட்டிருக்கிறேன். மூன்று முறை பெருக்குவதால் இரண்டு மடங்குத் தவறு எட்டு மடங்காகிவிட்டது: 56.46 × 8 = 451.7. கேள்வி தயாரித்தவர் இந்தத் தவறை எதிர்பார்த்தே அந்த விடையை வைத்திருக்கிறார். 141.1 கூட அப்படித்தான். கன அளவுக்குப் பதில் மேற்பரப்பின் 4πr²-ஐப் போட்டால் அந்த எண் வரும்.

அன்றிலிருந்து நான் ஆரத்தைத் தொடுவதில்லை. பட்டறையில் யாரும் குண்டின் ஆரத்தை அளப்பதில்லை. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் தருவது விட்டம்தான், கேள்வித்தாளும் பெரும்பாலும் விட்டத்தையே தருகிறது. சூத்திரத்தையும் விட்டத்திலேயே வைத்துக்கொண்டால் பாதியாக்க மறக்கும் வாய்ப்பே இல்லை:

```
எடை = 0.5236 × D³ × அடர்த்தி
```

0.5236 என்பது π-ஐ 6-ஆல் வகுத்த எண். அதன் பொருளையும் மனதில் வையுங்கள்: குண்டு, தன்னை அடக்கும் கட்டியில் பாதிக்குச் சற்றே கூடுதல். 107.8-இல் பாதி 53.9, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக 56.5. விடைகள் கொடுக்கப்பட்ட தேர்வில் இது போதும், முழுக் கணக்கும் போட வேண்டியதில்லை. π-க்கு 22/7 போட்டாலும் 56.48 கிராம்தான் வருகிறது.

D-ஐ செ.மீ.க்கு மாற்றிய பிறகே மூன்று முறை பெருக்குங்கள். 24-ஐ அப்படியே போட்டால் 56,458 என்று வரும், அது ஆயிரம் மடங்கு. உள்ளங்கையில் அடங்கும் குண்டு 56 கிலோ இருக்காது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் விடைகள் கிலோவில் கொடுக்கப்பட்டிருந்தால் புள்ளி இடம் மாறுவது சட்டென்று கண்ணில் படாது. எனக்கு உதவுவது 10 மி.மீ. குண்டு: அதன் விட்டம் 1 செ.மீ., எடை 4.08 கிராம். 20 மி.மீ. என்றால் அதைப் போல எட்டு மடங்கு, சுமார் 32.7. 30 மி.மீ. என்றால் 27 மடங்கு, சுமார் 110. எந்தக் குண்டைக் கேட்டாலும் இந்த மூன்றில் எதற்கு அருகே வர வேண்டும் என்று பார்த்துக்கொள்வேன்.

அடர்த்தியைப் பற்றித்தான் படிக்கும் நண்பர்கள் அதிகம் கேட்கிறார்கள்: 7.8-ஆ, 7.85-ஆ? கேள்வியில் என்ன கொடுத்திருக்கிறதோ அதையே போடுங்கள். பொதுவான எஃகுக்கு 7.85 என்பார்கள், பேரிங் குண்டுக்குப் பயன்படும் குரோம் எஃகு 7.8-ஐ ஒட்டி வரும். நம் 24 மி.மீ. குண்டுக்கு 7.85 போட்டால் 56.8 கிராம், வித்தியாசம் அரைக் கிராம்கூட இல்லை. விட்டம் அப்படியல்ல. அதில் 1 சதவீதம் பிசகினால் எடையில் 3 சதவீதம் பிசகும். கவனத்தை விட்டத்தின் மேல் வையுங்கள். இன்னொன்று, விடையை நியூட்டனில் கேட்டால் கிலோவுக்கு மாற்றி 9.81-ஆல் பெருக்க வேண்டும். 0.0565 கிலோ என்பது 0.55 நியூட்டன்.

இந்த மூன்று மடங்கு விஷயம் எனக்கு உண்மையாகவே புரிந்தது தேர்வுக்குச் சில மாதம் கழித்து. எங்கள் பட்டறைக்கு ஒரு டப்பா பேரிங் குண்டு வந்தது. மேலே அளவு எதுவும் எழுதவில்லை. கால் அங்குலமா, 6 மி.மீ.யா என்று தெரியவில்லை. கால் அங்குலம் 6.35 மி.மீ., இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் எடையில் தெரியும். 6 மி.மீ. குண்டு 0.882 கிராம், கால் அங்குலக் குண்டு 1.046 கிராம். விட்டத்தில் 6 சதவீதம்கூட இல்லாத இடைவெளி எடையில் 18 சதவீதத்துக்கு மேல் போகிறது.

ஒரு குண்டை மட்டும் தராசில் வைத்தால் பட்டறைத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. அதனால் எண்ணெய் போகத் துடைத்து, 100 குண்டுகளை எண்ணி, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் வைத்தேன். 88.2 வர வேண்டும், இல்லை 104.6 வர வேண்டும். வந்தது 93.1.

தராசில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. அண்ணன் டப்பாவைக் கையில் வாங்கிக் குலுக்கிவிட்டு, "ரெண்டும் கலந்திருக்கு" என்றார். அப்படியானால் கணக்கு எளிது. 100-ம் சிறியவையாக இருந்தால் 88.2. அதில் ஒரு சிறியதை எடுத்துவிட்டு ஒரு பெரியதைப் போட்டால் 0.164 கிராம் கூடும். கூடியிருப்பது 4.9 கிராம். 4.9-ஐ 0.164-ஆல் வகுத்தால் சுமார் 30.

இரண்டு நேரான பட்டைகளை ஸ்லிப் கேஜ் வைத்து 6.2 மி.மீ. இடைவெளியில் இறுக்கி, அதன் மேல் குண்டுகளை உருட்டினோம். சிறியவை கீழே விழுந்தன, பெரியவை மேலேயே ஓடி முனையில் சேர்ந்தன. எண்ணிப் பார்த்தபோது மேலே நின்றவை 30.

அந்த டப்பாவை அப்படியே ஒரு பேரிங்கில் போட்டிருந்தால் பெரிய குண்டுகள் மட்டும் பாரம் முழுவதையும் தாங்கியிருக்கும், சிறியவை சும்மா சுற்றியிருக்கும். பெரியவை ஓடும் தடம் சீக்கிரம் குழி விழுந்துவிடும். மீதிக் குண்டுகளையும் அன்று மாலையே பட்டைகளுக்கு நடுவே உருட்டிப் பிரித்து, தனித்தனி டப்பாக்களில் போட்டு, மேலே அளவையும் 100 குண்டின் எடையையும் எழுதி வைத்தேன்.