கடல்புல் பிரமிடு: மூன்றாவது தடவை வரைந்தது

எது எதைத் தின்கிறது என்ற வரிசையில், படிக்கு எத்தனை உயிர் என்று பட்டை பட்டையாக அடுக்குவதுதான் எண்ணிக்கை பிரமிடு. தேவிபட்டினம் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று எண்ணியதை வைத்து அப்படி ஒன்று வரையலாம் என்று வாடைக்காற்று தொடங்கும் முன்னே இறங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. வரைந்து முடித்ததும் நன்றாகத்தான் இருந்தது. சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொன்றாகக் கழன்றது.

எண்ணிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிவிசி குழாயில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சட்டம் ஒன்று செய்து, கடல்தாழை என்கிற கடல்புல் படர்ந்த இடத்தில் நான்கு தடவை கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன். சட்டத்துக்குள் முளைத்து நின்ற புல் தண்டுகள் 84, 97, 76, 91. இலையில் ஒட்டியிருந்த சிறு நத்தைகள் 3, 5, 2, 4. அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து, 2 மீட்டர் அகல வலையை 20 மீட்டர் இழுத்தோம். 22 மீன். எண்ணிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம். தூரத்தில் இரண்டு கொக்கு மேய்ந்துகொண்டிருந்தன, அவையும் கணக்கில்.

முதல் படத்தில் கீழிருந்து மேலாக 348, 14, 22, 2 என்று பட்டைகள் போட்டேன். நத்தைப் பட்டையைவிட மீன் பட்டை அகலம். ஒரு மரத்தில் ஆயிரம் புழு இருந்தால் எண்ணிக்கை பிரமிடு தலைகீழாகும் என்று படித்திருந்ததால், இதுவும் அப்படி ஒரு விசேஷமாக்கும் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விசேஷம் ஒன்றுமில்லை. பட்டைக்குப் பக்கத்தில் அலகு எழுதப் போனபோது கை நின்றுவிட்டது. நான்கு சட்டங்களும் சேர்ந்தால் 1 சதுர மீட்டர். ஆகவே 348-ம் 14-ம் ஒரு சதுர மீட்டருக்கு. மீன் 22 வந்ததோ 40 சதுர மீட்டரில். கொக்கு இரண்டும் நின்ற திட்டு ஏறத்தாழ 100 மீட்டருக்கு 50 மீட்டர், அதாவது 5,000 சதுர மீட்டர். மூன்று வெவ்வேறு பரப்பில் எண்ணியதை ஒரே படத்தில் அடுக்கியிருக்கிறேன். நடுப்பட்டை திடீரென்று வீங்கினால் அலகைப் பார்க்க வேண்டும் என்பதை இப்போது தாளின் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் 1 ஹெக்டேருக்கு மாற்றினேன். சதுர மீட்டர் என்றே வைத்தால் கொக்கு புள்ளிக்குப் பின் போய்விடுகிறது, அரைக் கொக்கு கால் கொக்கு என்று எழுத மனம் வரவில்லை. புல் 34,80,000. நத்தை 1,40,000. மீன் 5,500. கொக்கு 4. படம் ஒழுங்காகக் கூம்பியது. இரண்டாவது படம் தயார்.

அதை அண்ணனிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஏப்பா, பேத்தையைக் கொக்கு திங்குமா?” என்றார். எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. வலையில் வந்த 22-ல் ஓரா 14, கிழங்கான் 6, பேத்தை 2. மூன்றையும் ‘மீன்’ என்று ஒரே பட்டையில் போட்டிருந்தேன். ஓரா புல்லையும் பாசியையும் மேய்கிற மீன். அது நத்தையோடு சேர்ந்து முதல்நிலை நுகர்வோராக இருக்க வேண்டியது. கிழங்கான் தரையிலிருக்கும் புழுவையும் சிறு இறாலையும் தின்னும், பேத்தை ஓட்டை நொறுக்கி நத்தை, நண்டு தின்னும். இந்த இரண்டும்தான் இரண்டாம்நிலை. பேத்தைக்கு நஞ்சு இருக்கிறது, அதைக் கொக்கு பொதுவாகத் தொடாது. கொக்குக்கான வழி கிழங்கானும் சிறு ஓராவும்தான்.

உருவத்தை வைத்து அடுக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று அப்போது புரிந்தது. அக்கா மகன் தன் நோட்டில் ஆவுளியாவை உச்சியில் வைத்திருந்தான், கடலிலேயே பெரிசு அதுதானே என்று. ஆவுளியா கடல்புல் மேய்கிற பிராணி. எவ்வளவு எடை இருந்தாலும் நத்தைக்குப் பக்கத்துப் பட்டையில்தான் அதற்கு இடம். அவனைத் திருத்திவிட்டு நானே ஓராவை மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் ‘தின்பது’ என்று ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன். அந்த வரியில் வருகிற பெயர் ஒரு படி கீழே இல்லையென்றால் அடுக்கு தப்பு.

அப்படி எழுதியதில் இன்னொன்றும் மாட்டியது. நத்தை ‘தின்பது’ பெரும்பாலும் புல்லை அல்ல, புல் இலைமேல் படியும் வழவழப்பான பாசியை. விரலால் வழித்தால் பச்சையும் பழுப்புமாக ஒட்டுகிறதே, அது. உற்பத்தியாளர் பட்டையில் அதையும் சேர்த்திருக்க வேண்டும், ஆனால் சட்டத்தை வைத்துக்கொண்டு அதை எண்ண முடியாது. கிழங்கான் தின்னும் புழுக்களும் என் கணக்கில் இல்லை. எனவே அடிப்பட்டையில் ‘கடல்புல் தண்டுகள் மட்டும், இலைப் பாசி எண்ணவில்லை’ என்றும், அடுத்ததில் ‘நத்தை, ஓரா மட்டும், புழுவும் இறாலும் எண்ணவில்லை’ என்றும் எழுதினேன். பெயர் நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

திருத்திய கணக்கு: உற்பத்தியாளர் 34,80,000. முதல்நிலை நுகர்வோர் 1,43,500. இரண்டாம்நிலை 2,000. கொக்கு 4. கொக்கு ஓராவைத் தின்னும்போது இரண்டாம்நிலை, கிழங்கானைத் தின்னும்போது மூன்றாம்நிலை. பிரமிடில் ஒரு உயிருக்கு ஒரு படிதான் உண்டு, மேலே வைத்துவிட்டேன். பெயரில் ஒரு சிக்கல்: முதல்நிலை நுகர்வோர் என்பது ஊட்ட மட்டத்தில் இரண்டாவது. இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் மற்றொன்றும் எழுதி நானே ஒருமுறை குழம்பினேன். இப்போது இடப்பக்கம் மட்டம் 1 முதல் 4, வலப்பக்கம் பெயரும் எண்ணும்.

அளவுக்கு வரைவதுதான் தொல்லை. அடிப்பட்டை 20 செ.மீ. என்றால் அடுத்தது 8 மி.மீ., அதற்கடுத்தது பென்சில் கோட்டைவிட மெலிசு. கையால் ‘சுமாராக’ படி படியாகக் குறைத்தால் அழகாக வரும், ஆனால் அது எண்ணைச் சொல்லாது. மடக்கை எடுத்து 3 செ.மீ.யால் பெருக்கினேன்: 19.6, 15.5, 9.9, 1.8 செ.மீ. உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கீழே ‘மடக்கை அளவு’ என்று எழுதாவிட்டால் பார்க்கிறவர் புல்லும் நத்தையும் கிட்டத்தட்ட சமம் என்று நினைப்பார்.

ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு ஆற்றல் போய்ச் சேர்கிறது என்று காட்டும் ஆற்றல் பிரமிடுக்கு என்னிடம் அளவு இல்லை, எண்ணிக்கையை வைத்து அதை வரையவும் முடியாது. அக்கா மகன் பாடத்துக்காக ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் ஹோவர்ட் ஓடம் என்ற சூழலியலாளர் அளந்து 1957-ல் வெளியிட்ட கணக்கை எழுதியிருந்தான்: 20,810, 14,092, 383, 21. குறைந்துகொண்டேதான் போகிறது, அடுக்கு சரிதான் என்று தோன்றும். மேல்படியைக் கீழ்படியால் வகுத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் 68 சதவீதம், அடுத்ததில் 3-க்கும் கீழே. பொதுவாகப் பத்தை ஒட்டி, அதிகம் போனால் இருபது வரும் இடத்தில் அறுபத்தெட்டா? 14,092-ஐ 4.184-ஆல் வகுத்தால் 3,368. அந்த ஒன்றை மட்டும் கிலோஜூலுக்கு மாற்றிவிட்டு மற்றதைக் கிலோகலோரியிலேயே விட்டிருக்கிறான். மாற்றியபின் 16, 11, 5 சதவீதம். அலகில் ‘ஆண்டுக்கு’ என்பதையும் விட்டிருந்தான். சதுர மீட்டருக்கு, ஆண்டுக்கு என்று இரண்டும் இருந்தால்தான் அது ஆற்றல் பிரமிடு.

என் தாளில் இன்னும் ஒரு ஓட்டை பாக்கி. வலை இழுக்கும்போது ஓரா எத்தனை நழுவியது என்று தெரியாது. அடுத்த தடவை அதே இடத்தில் மூன்று இழுப்பு. அண்ணன் வருகிறேன் என்றிருக்கிறார், சாயா நான் வாங்கித் தர வேண்டும்.