கொலுப் பொம்மைகளுக்காகக் கட்டிய ஜன்னல் திண்ணை

சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் படுக்கையறையில், அலமாரிக்கும் பக்கச்சுவருக்கும் நடுவே ஜன்னலின் கீழ் ஆறடி நீளத்துக்கு இடம் சும்மா கிடந்தது. பரண் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த கொலுப் பொம்மைகளை அந்த இடத்துக்கு இறக்கி, மேலே உட்கார்ந்து படிக்க ஒரு திண்ணையும் அமைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். திண்ணை கட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அது அடிப்படையில் மூடி போட்ட ஒரு மரப்பெட்டிதான். ஆனால் வீட்டிலேயே அதிகம் நனையும் சுவரை ஒட்டி நிற்கப்போகிற, ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே முழுதாகத் திறக்கப்போகிற பெட்டி என்பதால், மரவேலை தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை நிறைய இருந்தன.

புரட்டாசியில் நவராத்திரி முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கும் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வருகிறது. அதாவது, பெட்டியை மூடிய கையோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜன்னலின் மீது மழை அடிக்கும். களிமண் பொம்மை ஈரத்தை உறிஞ்சினால் முதலில் வண்ணம் பொரிந்து எழும்பும், பிறகு செதில் செதிலாக உதிரும். எனவே சுவர் உலர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். ஓரடிச் சதுரத்தில் கனமான பாலித்தீன் தாளை ஜன்னலுக்குக் கீழே சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள்கள் விட்டுவிட வேண்டும். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்க்கும் பக்கத்தில், நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். எங்கள் சுவரில் உட்புறம்தான் வியர்த்திருந்தது.

காரணத்தைத் தேடியபோது அது ஜன்னலிலேயே கிடைத்தது. நகரும் யுபிவிசி ஜன்னல்களின் அடித்தண்டவாளத்தில், தேங்கும் மழைநீர் வெளியே வடிவதற்காகச் சிறிய துளைகள் விட்டிருப்பார்கள். அவை தூசியால் அடைத்துக்கொண்டால் தண்டவாளம் தொட்டியாகி, நிரம்பிய நீர் உட்பக்கமாக வழிந்து கிரானைட் படியின் இடுக்கில் இறங்கிவிடும். அந்தப் படிக்கும் சட்டத்துக்கும் இடையில் பூசியிருந்த சிலிக்கான் பசையும் வெயிலில் காய்ந்து பிளந்திருந்தது. துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்த பிறகு, வெளியிலிருந்து ஜன்னலின் மீது குழாயால் நீரடித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை. அதன் பிறகும் சுவர் நன்றாகக் காயும்வரை காத்திருந்து, பாலித்தீன் சோதனையை மறுபடியும் செய்து பார்த்தே ஆசாரியை வரச்சொன்னோம். ஈரச்சுவரின் மேல் பட்டி பார்த்து வண்ணம் அடித்துவிட்டுப் பெட்டியை வைத்து மறைத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒழுகுவது நமக்குத் தெரியாமல் போகுமே தவிர, நிற்காது.

அடுத்து, மூடியா இழுப்பறையா என்ற கேள்வி. மெத்தையைத் தொடாமலே திறக்கலாம் என்பதால் இழுப்பறைதான் வசதி என்று என் மனைவி நினைத்தார். எங்கள் அறையில் கட்டிலுக்கும் திண்ணைக்கும் நடுவே இருப்பது இரண்டடி நடைவழி. முழு ஆழத்துக்கு இழுப்பறை செய்து அதை வெளியே இழுத்தால், நின்று குனிய இடம் இருக்காது. அதோடு சேனலும் இழுப்பறையின் பக்கப்பலகைகளும் உயரத்திலும் அகலத்திலும் இடத்தைத் தின்னும். தினமும் எடுக்கிற துணிமணிகள் என்றால் அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பொம்மைகளுக்கு மேலே திறக்கும் மூடியே போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

உயரத்தில்தான் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வழக்கு நடந்தது. நாற்காலியைப் போலக் கால் தரையில் படிய உட்கார வேண்டுமானால் மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 18 அங்குலம் இருக்க வேண்டும். நான்கு அங்குல மென்மையான மெத்தையைப் போட்டால் பெட்டியின் உள்ளுயரம் குறையும். எனவே 40 அடர்த்தியுள்ள கெட்டியான ஃபோமில் மூன்று அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தோம். உட்கார்ந்தால் சிறிது அமுங்கும் என்பதால் பெட்டியின் உயரத்தைப் பதினைந்தரை அங்குலமாக வைத்தோம். அதில் அடிப்பீடத்துக்கு இரண்டரை அங்குலம், அடிப்பலகைக்கும் மூடிக்கும் சேர்த்து ஒன்றரை அங்குலம் போக, உள்ளே பதினொன்றரை அங்குலம் கிடைத்தது. எங்கள் பொம்மைகளில் பெரும்பாலானவை பத்தங்குலத்துக்குள் அடங்குபவை. செட்டியார் தம்பதியும் பெரிய தசாவதாரமும் மட்டும் படுத்தே உறங்கும்.

அடிப்பீடத்தை மரத்தில் செய்யவில்லை. வீடு துடைக்கும் நீர் தினமும் படுகிற இடம் என்பதால் பிவிசி பலகையில் செய்தோம். கரையானுக்கும் அதில் வேலை இல்லை. மற்றவை எல்லாம் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குல பிளைவுட். ஒவ்வொரு பலகையிலும், நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 என்ற முத்திரை அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கினேன். ஐ.எஸ். 303 என்றிருப்பது அதைவிட ஒரு படி கீழான ஈரத்தாங்கல் உடையது. உள்ளறை அலமாரிக்கு அது போதும், ஜன்னலடிக்கு வேண்டாம் என்று பட்டது. எட்டுக்கு நாலு பலகை இரண்டு வாங்கினோம். துண்டுகள் கொஞ்சம் மிஞ்சின.

பின்பலகையைப் பற்றி ஆசாரிக்கும் எனக்கும் ஒரு சிறு வாதம். “சுவர்தான் இருக்கே சார், பின்னாடி பலகை எதுக்கு? சுவரையே முதுகா வச்சுக்கலாம்” என்றார். செலவை மிச்சப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். பலரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் சுவரையே முதுகாக வைத்தால் பொம்மையைச் சுற்றிய துணி நேராகச் சுண்ணாம்பில் உரசிக்கொண்டிருக்கும். பின்பலகை வைத்து, அதையும் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன். காற்று நடமாட ஒரு வழியும் அமைத்தோம். அடிப்பீடத்தின் முன்புறத்தில் நீளவாக்கில் பிளவுகள், அடிப்பலகையில் வரிசையாகத் துளைகள், பின்பலகையின் மேல்விளிம்பை ஒட்டி இன்னொரு வரிசைத் துளைகள், கடைசியாகத் திண்ணைக்கும் சுவருக்கும் நடுவே மேலே அரை அங்குல இடைவெளி. கீழே நுழையும் காற்று பொம்மைகளைக் கடந்து பின்புறமாக ஏறி வெளியேறும். கரப்பானும் எறும்பும் அதே வழியில் வராதிருக்க, துளைகளின் உட்பக்கம் கொசுவலைக் கம்பியை வைத்து அடித்தோம். இதில் இன்னொரு பயனும் உண்டு. கண்ணாமூச்சி ஆடும் குழந்தை உள்ளே போய் ஒளிந்துகொண்டு மூடி விழுந்துவிட்டாலும் காற்று இருக்கும். அதே காரணத்துக்காகக் கொண்டி, தாழ்ப்பாள் எதுவும் போடவில்லை.

ஆறடிக்கு ஒரே மூடி போடாமல், நடுவே குறுக்குப்பலகை நிறுத்தி மூன்றடிக்கு ஒன்றாக இரண்டு மூடிகள் செய்தோம். ஒற்றை மூடி கனக்கும், நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவரை எழுப்பித்தான் திறக்க முடியும். உட்காருபவரின் எடை பெரும்பாலும் முன்விளிம்பில் இறங்குவதால், மூடியின் அடியில் அங்கே இரண்டங்குலப் பட்டை ஒன்றை ஒட்டித் திருகினார் ஆசாரி. கீலைச் சுவரோரமாக நேரே வைக்க இடமில்லை. கிரானைட் படி சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், மெத்தையோடு தூக்கும் மூடி அதில் இடித்து நின்றுவிடும். இதற்காகப் பின்புறம் மூன்றங்குல அகலத்தில் அசையாத பட்டை ஒன்றை நிறுத்தி, அதில் நீளக்கீலைப் பொருத்தினோம். முன்புறம் கைப்பிடி வைத்தால் கெண்டைக்காலில் குத்தும். மூடியை ஓர் அங்குலம் வெளியே நீட்டிவிட்டால் விரல் கொடுத்துத் தூக்கிக்கொள்ளலாம்.

மூடி தானாக நிற்பதற்கு, கடைகளில் ஹைட்ராலிக் பம்ப் என்று சொல்கிற, வாயு அடைத்த தண்டைப் போட வேண்டும். கட்டிலுக்குப் போடுகிற பம்புகளைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவை பெரிய மெத்தையைத் தூக்குவதற்கானவை. எங்கள் சிறிய மூடியில் போட்டால் மேலே ஏறி உட்கார்ந்தால்தான் மூடும். தேவையான விசையை எளிதாகக் கணக்கிடலாம். மைக்காவோடு மூடி ஏழு கிலோ, வெல்க்ரோவால் அதன் மேல் ஒட்டிய மெத்தை இரண்டு கிலோ, ஆக ஒன்பது கிலோ. மூடியின் அகலம் 20 அங்குலம் என்பதால் எடை கீலிலிருந்து பத்தங்குலத்தில் இறங்குகிறது. பம்ப் தள்ளுவது கீலிலிருந்து சுமார் ஐந்தங்குலத் தூரத்தில். பாதித் தூரத்திலிருந்து தள்ளுவதால் இரட்டிப்பு விசை வேண்டும். அதாவது 18 கிலோ. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பம்ப் போட்டால் ஒன்றுக்கு ஒன்பது கிலோ, ஏறத்தாழ 90 நியூட்டன். சந்தையில் கிடைப்பது 100 நியூட்டன் என்பதால் அதையே மூடிக்கு இரண்டாக வாங்கினோம். பாதி திறந்து கையை விட்டால் மூடி அந்த இடத்திலேயே நிற்கிறது. சில ஆண்டுகள் கழித்து அது மெல்லக் கீழே இறங்கத் தொடங்கினால் பம்பில் வாயு குறைந்துவிட்டது என்று பொருள். குழந்தையின் விரல் நசுங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

ஜன்னல் படி முன்பு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்தது. திண்ணை வந்த பிறகு, மெத்தையின் மேல் நிற்கும் குழந்தைக்கு அது ஒன்றரை அடிதான். கொசுவலைக் கதவு பிள்ளையைத் தாங்காது. எங்கள் ஜன்னலில் செங்குத்துக் கம்பிகளோடு நெருக்கமான இரும்புக் கிரில் ஏற்கெனவே இருந்ததால்தான் இந்த வேலைக்கே துணிந்தோம். கிரில் இல்லாத மாடிவீட்டில் அதைப் போட்ட பிறகே திண்ணையைப் பற்றி யோசிக்க வேண்டும். தரைவரை தொங்கிய திரைச்சீலைகளையும் படியளவுக்கு வெட்டித் தைக்கக் கொடுத்தோம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கீலில் சிக்கும்.

முதல் மழைக்காலத்தின் நடுவே, கார்த்திகையில் ஒரு வெயில் நாளாகப் பார்த்து இரண்டு மூடிகளையும் திறந்தேன். பின்பலகையில் கை வைத்தபோது சில்லென்று இருந்ததே தவிர ஈரம் இல்லை. துணி மூட்டைகளில் பூஞ்சை வாடையும் இல்லை, என் மாமியார் போட்டுவைத்த வசம்பின் மணம்தான் வந்தது. மூலைத்துளை ஒன்றின் கம்பிவலை மட்டும் தூசியால் பாதி அடைபட்டிருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்தவுடன் திறந்துகொண்டது. ஜன்னல் தண்டவாளத்தின் துளைகளில் கம்பி விடுவதையும் இந்த வலைகளைத் துடைப்பதையும் இப்போது ஒரே நாளில், மழைக்கு முன்பு ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை என்று செய்துவருகிறோம்.