பேதிக்குக் கொடுக்கப்பட்டது

மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலித்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் ஒரு டி.பி.ஏ. அலுவலகத்தில், சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கோப்பில் குறையிருந்தால் பாலிசிதாரருக்குக் கேள்விக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. அக்கடிதங்களில் நான் யோசிக்காமலே சேர்த்து வந்த வரி ஒன்று உண்டு: “வட்டார மொழியில் உள்ள ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்கவும்.”

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வரும் என்பதால், அந்த வரி எங்களுக்கு அதிகம் தேவைப்பட்டதில்லை. விபத்துக் கோப்பில் முதல் தகவல் அறிக்கை தமிழில் இருக்கும். அடுத்ததாகச் சித்த மருத்துவமனைக் கோப்புகள். 2020இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் சித்தா, ஆயுர்வேதம் போன்ற ஆயுஷ் முறைகளின் உள்நோயாளி சிகிச்சைக்கும் இடம் இருந்ததால், அதன்பின் சித்த மருத்துவக் கோரிக்கைகள் எங்கள் மேசைக்கு அவ்வப்போது வரத் தொடங்கின.

2022இல் வந்த ஒரு கோப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கத்தைச் சேர்ந்த ஐம்பது வயதைக் கடந்த ஒரு தையல் தொழிலாளி, கை மூட்டுகள் வீங்கிக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாத நிலையில், சிறிய தனியார் சித்த மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு நாட்கள் உள்நோயாளியாக இருந்திருந்தார். மருந்துப் பில்களும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் ஆங்கிலத்தில் இருந்தன. டிஸ்சார்ஜ் சம்மரியும் அன்றாட சிகிச்சைக் குறிப்பும் மட்டும், நான்கு பக்கங்கள், திருத்தமான கையெழுத்தில் தமிழில் இருந்தன. நான் வழக்கமான வரியை எழுதி அனுப்பினேன். அந்த நான்கு பக்கங்களையும் பத்து நிமிடத்தில் நானே படித்திருக்க முடியும் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த நிபந்தனைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கோப்பை இறுதியாக ஒப்புதல் செய்யும் மருத்துவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். பின்னால் தணிக்கைக்கோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ கோப்பு போனால், “எங்கள் ஊழியர் படித்துச் சொன்னார்” என்பது ஆவணமாகாது. ஆனால் பாலிசியின் ஆவணப் பட்டியலில் மொழிபெயர்ப்பு என்று தனியாக ஒரு வரி கிடையாது. பட்டியலின் கடைசியில் வரும் “பரிசீலனைக்குத் தேவையான பிற ஆவணங்கள்” என்ற வாசல் வழியாகத்தான் அது உள்ளே வருகிறது. அன்றைய விதிப்படி, கோரிக்கையை முடித்துவைக்க நிறுவனத்துக்கு இருந்த 30 நாள் கெடு, தேவையான கடைசி ஆவணம் வந்து சேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்பட்டது. ஆகவே நான் எழுதிய வரி, எழுதிய அன்றே கடிகாரத்தை நிறுத்திவிட்டது.

மூன்று வாரம் கழித்து மொழிபெயர்ப்பு வந்தது. அவருடைய மகன் நீதிமன்ற வாசலில் உள்ள ஒரு டைப்பிங் சென்டரில் பக்கத்துக்கு நானூறு ரூபாய் கொடுத்து அதைச் செய்வித்து, நோட்டரியின் முத்திரையும் வாங்கியிருந்தார். நோட்டரிகள் சட்டம் 1952, மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் அதிகாரத்தை நோட்டரிக்குத் தருகிறது என்பது உண்மைதான். எங்களிடம் வரும் தாள்களில் அந்த முத்திரை நடைமுறையில் சொல்வதெல்லாம், மொழிபெயர்த்தவர் தன் முன்னால் கையெழுத்திட்டார் என்பதைத்தான். நிலப் பத்திரங்களையும் வாடகை ஒப்பந்தங்களையும் மொழிபெயர்த்துப் பழகியவருக்குச் சித்த மருத்துவக் குறிப்பு எப்படிப் பிடிபடும்?

மூட்டழற்சியைக் குறிக்கும் கீல்வாயு என்ற நோய்ப் பெயர், மூட்டில் சேர்ந்த வாயு என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் போயிருந்தது. தொக்கணம், அதாவது மருந்தெண்ணெய் பூசிக் கையால் அழுத்தியும் பிடித்தும் செய்யும் புறமருத்துவம், வெறும் “மசாஜ்” ஆகியிருந்தது. எல்லாவற்றையும்விடச் சேதம் செய்தது மூன்றாவது பிழை. முதல் நாள் குறிப்பில் மருத்துவர், “காலை அகத்தியர் குழம்பு பேதிக்குக் கொடுக்கப்பட்டது, ஆறு முறை போயிற்று” என்று எழுதியிருந்தார். வாத நோய்க்கு மருந்து தொடங்கும் முன் வயிற்றைக் கழியச் செய்வது சித்த மருத்துவத்தில் வழக்கமான முதல் படி. அகத்தியர் குழம்பு நேர்வாளம் சேர்ந்த, கடுமையான பேதி மருந்து. பேதி ஆவதற்காகக் கொடுத்தார்கள் என்பதே அந்த வரியின் பொருள். மொழிபெயர்ப்பாளர் அதை, தலைவலிக்கு மாத்திரை கொடுத்தது போல, பேதியை நிறுத்தக் கொடுத்த மருந்தாகப் புரிந்துகொண்டு, “டயரியாவுக்கு மருந்து தரப்பட்டது, ஆறு முறை வயிற்றுப்போக்கு” என்று எழுதிவிட்டார்.

முத்திரையோடு வந்த ஆங்கிலத்தை, தமிழ் தெரியாத ஒப்புதல் மருத்துவர் நம்பாமல் இருக்க முடியாது. அவர் கேட்ட கேள்விகள் அந்த ஆங்கிலத்தின்படி சரியானவையே. வயிற்றுப்போக்குக்குச் சேர்ந்தவருக்கு மூட்டுக்கு ஏன் பதினெட்டு நாள் சிகிச்சை? மசாஜ் என்றால் இது ஸ்பா போன்ற இடங்களின் சிகிச்சையை விலக்கும் 13ஆம் எண் விதிவிலக்கில் வராதா? இரண்டாவது கேள்விக் கடிதத்தையும் நானே எழுதினேன்.

மகன் போனில் அழைத்தார். “மேடம், அம்மாக்கு வயித்தால போகவே இல்ல. பேதிக்குக் குடுத்தாங்க, அவ்வளவுதான்.”

அவர் அதைச் சொன்ன தொனியில்தான் எனக்கு விளங்கியது. என் பாட்டி வீட்டில் கோடை விடுமுறையில் விளக்கெண்ணெயை வைத்துக்கொண்டு சொன்னதும் அதே சொல்தான். தமிழ் மூலத்தை எடுத்து மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் வைத்து முதன்முறையாக வரிவரியாகப் படித்தேன். எதிலும் முரண் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த பரிசோதனைத் தாளில் முடக்குவாதக் காரணியும் ஈ.எஸ்.ஆரும் உயர்ந்திருந்தன, நோய்ப் பெயருக்கு அவை போதிய சாட்சி.

மறுபடி மொழிபெயர்க்கச் சொல்லாமல் வேறு வழி சொன்னேன். சிகிச்சை அளித்த மருத்துவரே தம் லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணோடும் முத்திரையோடும், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தரட்டும்: நோயின் பெயர், அதற்கு இணையான ஆங்கிலப் பெயர், ஒவ்வொரு சிகிச்சையும் எதற்காக என்பது, முதல் நாள் பேதி மருந்து உட்பட. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: கடிதத்தில் எழுதும் நாளின் தேதியே இருக்க வேண்டும், உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு, அந்தக் கேஸ் ஷீட்டின் அடிப்படையில் தரப்படுகிறது என்று எழுத வேண்டும். உதவுகிறோம் என்று நினைத்துப் பழைய தேதியிட்டுப் புதிய ஆங்கிலச் சம்மரி தரும் மருத்துவமனைகள் உண்டு. அப்படி இரண்டு சம்மரிகள் ஒரே தேதியில் கோப்பில் சேர்ந்தால், அது மொழிச் சிக்கலாக நிற்காது, விசாரணை அதிகாரியிடம் போய்விடும்.

கடிதம் நான்கு நாளில் வந்தது. அந்த மருத்துவர் இன்னும் அங்கேயே பணியில் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். இல்லையென்றால் கேஸ் ஷீட்டைப் பார்த்து வேறொருவர் எழுதித் தர வேண்டியிருந்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆகி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துப் பணம் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் என் கடிதத்தின் அந்த வரியை மாற்றினேன். எந்தப் பக்கம் தேவை என்று குறிப்பிட்டு, மருத்துவமனையே ஆங்கிலத்தில் விளக்கம் தந்தால் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றும் சேர்த்தேன். மேலாளர் ஆட்சேபிக்கவில்லை, ஆயுஷ் கோப்புகளுக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்.

பணம் வந்த மறுநாள் மகன் மீண்டும் அழைத்து, டைப்பிங் சென்டருக்குக் கொடுத்த ஆயிரத்து அறுநூறையும் கிளெய்மில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அது மருத்துவச் செலவு அல்ல, பாலிசியில் அதற்குத் தலைப்பு இல்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.