எந்தக் காண்டம், எந்தப் படலம்?

நான் கிளிநொச்சியில் தமிழ் படிப்பிக்கிறேன். இரண்டு வருடங்களாக ‘இன்றைய வாசகம்’ என்று ஒரு மடலை ஒவ்வொரு நாளும் விடிய மின்னஞ்சலில் அனுப்பி வருகிறேன். ஒரு வாசகம், அதன் கீழே சின்ன விளக்கம், அவ்வளவுதான். தொடங்கும்போது 38 பேர் இருந்தார்கள். என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் தெரிந்த முகங்கள்.

முதல் இரண்டு மாதமும் வாசகங்களை எடுப்பது லேசாக இருந்தது. ஞாபகத்தில் இருந்ததை எழுதினேன். போனில் வந்ததைச் சேர்த்தேன். ஆண்டு நாட்காட்டியின் தாள்களைக் கிழித்து வைத்திருந்தேன். யார் சொன்னது என்ற இடத்தில், கூட வந்த பெயரையே போட்டேன்.

ஒருநாள் இதை அனுப்பினேன்: “கடன்பட்டார் நெஞ்சம்போல் கலங்கினான் இலங்கை வேந்தன்.” கீழே ‘கம்பர்’ என்று போட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று காலை ஏழு மணிக்குப் புதுக்குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: “பிள்ளை, எந்தக் காண்டம், எந்தப் படலம்?”

இடைவேளையில் போனில் தேடத் தொடங்கினேன். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தட்டச்சிட்டு வைத்திருக்கிற மதுரைத் திட்டத்தில் கம்பராமாயணம் முழுவதும் இருக்கிறது. ‘கடன்பட்டார்’ என்று போட்டேன், வரவில்லை. இடைவெளி விட்டு ‘கடன் பட்டார்’ என்று போட்டேன், அதுவும் வரவில்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் அவசரப்பட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்டி விடுவார்கள். பழைய பாட்டுகளைச் சீர் பிரித்துத்தான் அச்சிடுவார்கள். ‘காண்பது அறிவு’ என்று தேடினால் திருக்குறள் அகப்படாது, ஏனென்றால் அங்கே ‘காண்ப தறிவு’ என்று கிடக்கிறது. அதனால் முழுச் சொற்றொடரை விட்டுவிட்டு, புணர்ச்சியில் உருமாறாத ஒரு துண்டைப் பிடித்துத் தேட வேண்டும். நான் ‘கலங்கினான்’ என்பதையும், தனியே ‘கடன்’ என்பதையும் போட்டேன். யுத்த காண்டத்தில் அகப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் இரவு பதினொரு மணி வரைக்கும் பார்த்தேன். எங்கள் வரி எதிலும் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் ஐயாவுக்குப் போன் எடுத்தேன். “அது கம்பன்ர இல்லைப் பிள்ளை, சீர்காழி அருணாசலக் கவிராயற்ற. இராம நாடகத்தில பாருங்கோ” என்றார். பார்த்தேன். கவிராயர் 18ஆம் நூற்றாண்டுக்காரர், கம்பருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். இராமபாணம் வந்த நேரத்தில் இராவணன் கலங்கியதை உவமை மேல் உவமையாக அடுக்குகிறார். நஞ்சுண்ட மீன், தணலில் மெழுகு, பாம்பின் வாயில் தேரை, கடைசியில்தான் கடன். அந்தக் கடைசி அடியும் நான் அனுப்பியதைப் போல இல்லை: “கடன்கொண்டார் நெஞ்சம் போலும் கலங்கினான் இலங்கை வேந்தன்.” ஆளும் பிழை, சொல்லும் பிழை.

அன்றிரவே ஒரு கொப்பி வாங்கி வந்து கோடு போட்டேன். வாசகம், ஆள், நூல், பாட்டு எண் அல்லது பக்கம், நான் கண்ணால் பார்த்த திகதி என்று ஐந்து நிரல். ஐந்தில் ஒன்று வெறுமையாக இருந்தாலும் அது மடலுக்குப் போகாது. பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும். ஈழத்து எழுத்துக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் நூலகம் இணையத்தளம். அங்கே அச்சுப் பக்கத்தின் படமே இருப்பதால் தட்டச்சுப் பிழையில் ஏமாறுகிற பயம் குறைவு. ஒரு வரியைத் தட்டச்சுப் பிரதியில் கண்டால், முடிந்த மட்டும் ஒரு அச்சுப் பதிப்போடும் ஒத்துப் பார்ப்பேன்.

வெளிநாட்டு அறிஞர்கள் பெயரில் வருபவைதான் கூடுதலாக விழுகின்றன. ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்பதை வோல்தேர் சொன்னதாக எங்கும் போடுகிறார்கள். அது 1906இல் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் வோல்தேரின் மனநிலையை விளக்கத் தானே எழுதிய வசனம். இப்படியானதை நான் குப்பையில் போடுவதில்லை. சரியான ஆளின் பெயரில் அனுப்புகிறேன்.

திருத்தத்தை மடலின் அடியில் சின்ன எழுத்தில் போடுவதா, இல்லாவிட்டால் பேசாமல் விடுவதா என்று யோசித்தேன். கடைசியில் மூன்றாம் நாள் மடல் முழுவதையும் அதற்கே கொடுத்தேன். ‘இது கம்பருடையது அல்ல’ என்பதுதான் தலைப்பு. கவிராயரின் அடியைச் சரியாகப் போட்டு, நான் எங்கே பிழைவிட்டேன் என்று எழுதி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டேன்: கடனை ஏன் எல்லா உவமைக்கும் மேலே கடைசியில் வைத்தார்?

வழமையாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பதில் வரும். அன்று 19 வந்தது. அதில் பாதிக்கு மேல் கம்பரைப் பற்றியது அல்ல, கிழமைக்குக் கிழமை தவணை கட்டுகிற நுண்கடனைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீதி இல்லை. ஒரு அக்கா எழுதினா: “ரீச்சர், நெஞ்சு கலங்கிறது காசு கேட்டு வாற நாளில இல்லை. அதுக்கு முதல் நாள் இரவு. அடுப்பில சோறு கொதிக்கிற சத்தத்துக்கும் திடுக்கிடும்.” அவவிடம் கேட்டு, பெயரும் ஊரும் இல்லாமல் அதை அடுத்த மடலில் போட்டேன். அனுமதி இல்லாமல் ஒருவருடைய பதிலையும் போடுவதில்லை என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. இங்கே இரண்டு விபரம் சொன்னாலே ஆள் யாரென்று பிடித்துவிடுவார்கள்.

விளக்கத்தின் நீளத்தில் நான் கனகாலம் தடுமாறினேன். முதலில் முந்நூறு சொல் வரைக்கும் எழுதினேன், வகுப்பில் பாடம் எடுப்பதைப் போல. பஸ்ஸில் போகும்போது வாசிக்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். பிறகு விளக்கத்தையே எடுத்துவிட்டுப் பத்து நாள் வாசகத்தை மட்டும் அனுப்பினேன். பதில் அடியோடு நின்றுவிட்டது. இப்போது 60 முதல் 90 சொல், ஒரு சின்னப் போனில் இரண்டு தரம் விரலால் தள்ளினால் முடிந்துவிடும். அதற்குள் வரியின் பொருளைத் திருப்பிச் சொல்வதை விட்டுவிட்டேன். யார் யாருக்கு எந்த நேரத்தில் சொன்னது என்று ஒரு வசனம், கண்ணில் படாமல் போகிற ஒரு சொல், அவ்வளவுக்குத்தான் இடம்.

ஒன்றைக் காட்டுகிறேன். “இன்று போய் நாளை வா” எல்லாருக்கும் தெரியும், இது உண்மையிலேயே கம்பர்தான். ஆனால் பாட்டில் இருப்பது “இன்றுபோய்ப் போர்க்கு நாளைவா” என்பது. நான் அனுப்பிய விளக்கம் இது:

“படை சிதறி ஆயுதம் இழந்து நிற்கும் இராவணனிடம் இராமன் சொல்வது. நாங்கள் சொல்லும்போது ‘போர்க்கு’ என்ற சொல் விழுந்துவிடுகிறது. அது விழுந்தால் கடைக்காரர் கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவதைப் போல ஆகிவிடும். அந்தச் சொல் இருந்தால்தான் இது போரை முடித்துவைக்கிற மன்னிப்பு இல்லை, ஓர் இரவு அவகாசம் என்று தெரியும். அந்த இரவில் யோசிக்கலாம், சீதையை விடலாம், இல்லாவிட்டால் மறுபடி வரலாம். அடுத்த அடியிலேயே கம்பர் எங்களைக் கோசல நாட்டுக்குக் கூட்டிப்போய், இளம் கமுகில் வாளைமீன் தாவுவதைக் காட்டுகிறார். போர்க்களத்தில் நிற்கிறவனுக்குப் பின்னால் இப்படியொரு வயல் நாடு இருக்கிறது.”

சொல்லை எண்ணிப் பார்த்தால் 65ஐ ஒட்டித்தான் வரும். இதை எழுத இரண்டு மணித்தியாலம் எடுத்தது, முந்நூறு சொல் எழுதிய காலத்தில் அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

பழமொழியில் வேறு மாதிரி அடிபட்டேன். ஆடி பிறந்த அன்று “ஆடிப்பட்டம் தேடி விதை” என்று அனுப்பினேன். முத்தையன்கட்டில் கமம் செய்யும் ஒரு ஐயா குரற்பதிவு அனுப்பினார்: “பிள்ளை, எங்களுக்கு ஆடியில எங்க விதைப்பு? ஆடியில சிறுபோகம் வெட்டுற யோசினையெல்லோ. காலபோகத்துக்கு மழையைப் பாத்துப் புரட்டாதி, ஐப்பசியிலதான் விதைப்பம்.” அவர் சொன்னது சரி. அது தமிழ்நாட்டுப் பருவத்தில் பிறந்த பழமொழி. எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வருகிறது. வாசகம் பிழையில்லை, நான் அதை எந்த ஊருக்குரியது என்று சொல்லாமல் விட்டதுதான் பிழை. கொப்பியில் ‘எந்த மண்’ என்று ஆறாவது நிரல் சேர்ந்தது அப்படித்தான். அந்த ஐயாதான் இப்போது வயல் சம்பந்தமான எதையும் எனக்கு முதலில் பார்த்துத் தருகிறவர்.

மடல் காலை 5.30க்குப் போகும். இங்கே தேத்தண்ணி நேரம், ரொறன்ரோவில் அப்போது முதல் நாள் இரவு. தலைப்பில் திகதி போட்ட காலத்தில் அங்கேயிருந்து “நாளைக்கு வர வேண்டியது இன்றைக்கே வந்திட்டுது” என்று குழம்பினார்கள். திகதியை எடுத்துவிட்டு வரிசை எண் மட்டும் போடுகிறேன். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை 2021க்குப் பிறகு நம்ப முடியாது, அப்பிள் போன்களின் மின்னஞ்சல் செயலி ஆள் திறக்காமலே மடலின் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதனால் நான் எண்ணுவது பதில்களை. சனிக்கிழமை புது வாசகம் இல்லை, அந்தக் கிழமை வந்த பதில்களில் இரண்டு மூன்று போகும். கூடுதலாகப் பதில் வருவது அதற்குத்தான். கையிருப்பில் எப்போதும் பார்த்து முடித்த இருபது வாசகம் வைத்திருக்கிறேன். அது பத்துக்குக் கீழே இறங்கினால் நான் அவசரப்படத் தொடங்குவேன், அவசரத்தில்தான் ஐந்தாம் நிரல் வெறுமையாகப் போகும்.

போன ஐப்பசியில் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பழைய மாணவன் ஒருவன், ஆங்கிலேயரோடு போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியன் சொன்னதாக ஒரு வீர வசனம் அனுப்பினான். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். பாடசாலை நாடகத்தில் தான் பேசிய வசனம் என்றான். அதைப் போடவில்லை. அதற்குப் பதிலாகக் கற்சிலைமடு நினைவுக்கல்லில் ஆங்கிலத்தில் வெட்டிய ஒற்றை வசனத்தைத் தமிழில் அனுப்பினேன்: இவ்விடத்தை அண்மித்து 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். விளக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுதினேன், இது வென்றவர்களின் வசனம் என்று. அன்று பின்னேரம் அந்த மாணவன் திருப்பி எழுதியிருந்தான்: “ரீச்சர், நாடகத்தில நான் பேசினதை எழுதித் தந்த சேர் ஆரெண்டு விசாரிச்சிட்டன். அவற்ற பெயரைப் போட்டு அனுப்பலாம்தானே?” அந்தச் சேரிடம் கேட்டு அனுமதி வந்துவிட்டது. வரிசையில் இப்போது அது பதினான்காவதாக நிற்கிறது.