மூன்று பைசாப் படிக்கட்டு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. அதற்கு பில் போடும் மென்பொருளைப் புதுச்சேரியில் உட்கார்ந்து ஜாவாவில் எழுதியது நான். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். விலை என்றால் புள்ளி வரும், புள்ளி வந்தால் `float` என்று எண்ணி, பணம் வரும் இடங்களில் எல்லாம் அதையே போட்டிருந்தேன்.

அந்தக் கடையில் கணக்கு பார்ப்பவர் அறுபதைத் தாண்டியவர். கணினி வந்த பிறகும் பேரேட்டை அவர் விடவில்லை. ஒரு மாதக் கடைசியில் போன் செய்தார்.

"தம்பி, ஒவ்வொருத்தர் பாக்கியும் சரியாத்தான் இருக்கு. எல்லாத்தையும் நான் கூட்டினா ஒரு தொகை வருது. உங்க மெஷின் காட்டுற மொத்தப் பாக்கி அதைவிட ஒரு ரூபா பன்னெண்டு பைசா அதிகம்."

"ரவுண்டிங்கா இருக்கும் ஐயா" என்றேன்.

"எதை ரவுண்டு பண்ணீங்க? பில் எல்லாம் பைசாவோடதானே இருக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் கன்னியக்கோயில், முள்ளோடை வழியாகப் பேருந்தில் கடலூர் போனேன்.

கடன் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நான் ஒரு பாக்கித் தொகை வைத்திருந்தேன். அது தவிர, கடைக்கு வரவேண்டிய மொத்தப் பாக்கியையும் ஒரே எண்ணாகத் தனியே வைத்திருந்தேன். பில் போட்டால் அதில் கூடும், வசூல் வந்தால் குறையும். தனிப் பாக்கிகள் சில ஆயிரங்கள், மொத்தமோ மூன்று லட்சத்தை ஒட்டி. இரண்டுக்கும் ஒரே `float`தான். ஆனால் தப்பு மொத்தத்தில் மட்டும் இருந்தது. காரணம் புரிய எனக்கு அன்று மதியம் வரை ஆனது.

`float` என்பது 32 பிட். அதில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட் அளவு துல்லியம் மட்டுமே. சிறிய எண்ணாக இருந்தால் அந்தத் துல்லியம் பைசாவுக்கும் கீழே வரை எட்டும். எண் பெரிதாக ஆக, ரூபாய்ப் பகுதியே பிட்களைத் தின்றுவிடும். 2,62,144-லிருந்து 5,24,288 வரை உள்ள எண்களுக்கு மிஞ்சுவது ரூபாயில் 32-ல் ஒரு பங்கு, அதாவது 3.125 பைசா. இந்த இடைவெளியில் மொத்தப் பாக்கி 3.125 பைசா உயரமுள்ள படிகளில்தான் நிற்க முடியும். இரண்டு படிக்கு நடுவே ஒரு தொகை வந்தால், பக்கத்தில் இருக்கும் படிக்கு அது தள்ளப்படும்.

கடையில் அடிக்கடி விழும் ஒரு பில்லை எடுத்துக்கொண்டேன். ஐந்து ரூபாய் மசாலா பாக்கெட், மொத்த விலை வரி சேர்த்து 4.35. இருபத்து நான்கு பாக்கெட்டுக்கு 104.40. மொத்தப் பாக்கி 2,70,000-ல் இருக்கும்போது இதைக் கூட்டினால் 2,70,104.40 வரவேண்டும். ஆனால் 40 பைசாவில் படி கிடையாது. கீழே 37.5 பைசாவில் ஒன்று, மேலே 40.625 பைசாவில் ஒன்று. மேலே உள்ளதுதான் பக்கம், அதனால் அங்கே போய் நிற்கிறது. திரையில் 2,70,104.41 என்று தெரிகிறது. அடுத்த முறையும் அதே பில், அதே தள்ளல். மூன்றாவது பில்லில் .20 வரவேண்டிய இடத்தில் .22 வந்துவிட்டது. நூறு முறை கூட்டிப் பார்த்தேன், 62 பைசாவுக்கு மேல் அதிகம்.

பெரும்பாலான பில்களில் கூடுவதும் குறைவதும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். ஆனால் மளிகைக் கடையில் அதே வாடிக்கையாளர் அதே சரக்கை வாரம் தவறாமல் வாங்குகிறார். அப்போது பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். வசூல் பெரும்பாலும் முழு ரூபாயாக வருகிறது. முழு ரூபாய் எப்போதும் ஒரு படியில் சரியாக உட்காரும் என்பதால், கழிக்கும்போது எந்தப் பிழையும் ஏற்படாது. கூட்டும்போது சேர்ந்தது அப்படியே தங்கிவிடும். தீபாவளி சமயத்தில் பாக்கி 5,24,288-ஐத் தாண்டினால் படியின் உயரம் 6.25 பைசா ஆகும். அப்போது அதே 104.40, பில்லுக்கு இரண்டரை பைசா குறைவாகக் கூட ஆரம்பிக்கும். ஒரு மாதம் மிகுதி, மறு மாதம் குறைவு என்று பெரியவர் எழுதி வைத்திருந்ததற்கு எனக்கு அன்றுதான் காரணம் தெரிந்தது.

அவசரத்துக்கு எல்லாவற்றையும் `double` ஆக்கினேன். இந்தத் தொகைகளுக்கு அதன் படிகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை, மொத்தமும் பேரேட்டோடு ஒத்துப்போனது. ஆனால் வேறொன்று கிளம்பியது. கடனை முழுக்கத் தீர்த்தவர்களின் பெயரும் பாக்கிப் பட்டியலில் வந்தது, எதிரே 0.00 என்று. பத்து பைசாவும் இருபது பைசாவும் இருமத்தில் முடிவில்லாமல் நீளும் பின்னங்கள். `0.1 + 0.2` என்று கூட்டினால் `0.30000000000000004` வருகிறது. அதிலிருந்து 0.3-ஐக் கழித்தால் பூஜ்யம் மிஞ்சுவதில்லை. பூஜ்யத்தைவிடப் பெரியதெல்லாம் பாக்கி என்பதுதான் என் நிரலின் விதி. பணத்தைக் கட்டி முடித்த ஒருவருக்குப் பாக்கி என்று கடைப் பையன் போன் செய்ததைக் கேட்டதும், இனி பைசாவை முழு எண்ணாகத்தான் வைப்பது என்று முடிவு செய்தேன். 104.40 என்பது 10440. புள்ளி திரையில் காட்டும்போது மட்டும். வகை `long`, ஏனென்றால் `int`-ல் இரண்டு கோடியே பதினான்கு லட்சம் ரூபாய்ச் சொச்சத்தோடு இடம் தீர்ந்துவிடும்.

மாற்றும் வேலையிலும் ஒரு குழி இருந்தது. விலைப் பட்டியலை இப்படி மாற்றினேன்:

```java
long paise = (long) (4.35 * 100);   // 434
```

பெருக்கினால் வருவது 434.99999999999994. `(long)` புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுகிறது. பாக்கெட்டுக்கு ஒரு பைசா, இருபத்து நான்குக்கு 24 பைசா. நான் சோதித்துப் பார்த்த விலைகள் 4.25, 4.50, 4.75. கால், அரை, முக்கால் மூன்றும் இருமத்தில் சரியாக அடங்கும், அதனால் எல்லாம் தேறிவிட்டன. 4.35 அகப்பட்டது, பழைய பட்டியலையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டபோதுதான். அப்புறம் விலையை எழுத்தாகவே எடுத்து, மிதவைப் புள்ளியைத் தொடாமல் மாற்றினேன்:

```java
long paise = new BigDecimal("4.35").movePointRight(2).longValueExact();
```

முழு எண்ணுக்கு வந்துவிட்டதால் ரவுண்டிங் ஒழிந்துவிடவில்லை. 43.50 மதிப்புள்ள சரக்குக்கு 2.5 சதவீத சிஜிஎஸ்டி 108.75 பைசா. எங்கேயாவது அதை 109 ஆக்கியே தீரவேண்டும். `(amount * 25 + 500) / 1000` என்று எழுதினேன், 109 வந்தது. அதே சரக்கு திரும்பி வந்து தொகை மைனஸ் 4350 ஆனபோது வந்தது மைனஸ் 108. ஜாவாவில் முழு எண் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும், நான் கூட்டிய 500-ம் மைனஸ் தொகையை அதே பக்கம் தள்ளும். மைனஸை எடுத்துவிட்டு வரியைக் கணக்கிட்டு, கடைசியில் குறியைப் போடும்படி திருத்தினேன். இதே கணக்கு நான்கு இடங்களில் இருந்ததை ஒரே செயற்கூறாக்கினேன்.

பழைய மொத்தப் பாக்கியை அழித்து, தனிப் பாக்கிகளைக் கூட்டிப் புதிதாக ஏற்றினேன். இப்போது ராத்திரி கடை கட்டும் முன் நிரல் எல்லாப் பாக்கியையும் கூட்டி, மொத்தத்தோடு `==` போட்டு ஒப்பிடுகிறது. `double`-ஐ வைத்துக்கொண்டு அந்த ஒப்பீட்டை எழுதவே முடியாது. அன்றைய சிட்டாவின் அடியில் இரண்டு தொகையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும். பெரியவர் அவற்றை இன்னும் நம்பிவிடவில்லை, மாதக் கடைசியில் கையால் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போடுகிறார்.