ஏற்காடு காப்பியும் ஏறி இறங்குற விலையும்: ஒரு லாரி கேம் எழுதுன கதை

நான் சேலத்துல ஒரு சின்ன கேம் கம்பெனில ப்ரோக்ராமரா இருக்கேன். கேம் ரொம்ப சிம்பிள்தான், ஒரு லாரி இருக்கும், ஏற்காட்டுல காப்பியும் மிளகும் வாங்கி 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலத்துல விக்கணும், திரும்பிப் போகும்போது ஜவ்வரிசியோ வெல்லமோ எதாவது ஏத்திட்டுப் போகணும். ஓட்டுறது, கிராஃபிக்ஸ் எல்லாம் வேற ஆளுங்க பாத்துக்கிட்டாங்க, என் தலையில விழுந்தது விலை.

விலைய நிலையா வச்சா என்ன ஆகும்னு எல்லாருக்குமே தெரியும், ஏற்காட்டுல மூட்டை 80, சேலத்துல 120ன்னு எழுதி வச்சா 40 மூட்டை ஏத்துற லாரிக்கு ஒரு ட்ரிப்புக்கு 1600 லாபம், அத நூறு தடவ பண்ணாலும் அதே 1600. ரெண்டு நாள்ல எல்லார்கிட்டயும் பெரிய லாரி இருக்கும், அப்புறம் கேம்ல பண்றதுக்கு ஒண்ணும் இருக்காது. அதனால ஊர்ல எவ்ளோ சரக்கு இருப்பு இருக்கோ அத வச்சு விலைய ஓட விடணும், இருப்பு குறைஞ்சா விலை ஏறணும், கூடுனா இறங்கணும். நாங்க எடுத்துக்கிட்டது இந்த ஒரே வரிதான்:

```
price(s) = base * exp(-k * (s - target))
```

`base` இருப்பு இயல்பா இருக்குறப்ப உள்ள விலை, அதாவது ஏற்காட்டுல 80, சேலத்துல 120, `s` இப்ப இருக்குற மூட்டை, `target` அந்த ஊருக்கு இயல்பா இருக்க வேண்டிய இருப்பு, `k` 0.01. அதாவது ஒரு மூட்டை வாங்குனா விலை ஏறக்குறைய 1 சதவீதம் ஏறும், ஒரு மூட்டை வித்தா அதே அளவு இறங்கும். இதுல எனக்குப் புடிச்ச விஷயம், விலை எப்பவும் மைனஸ்ல போகாது, எந்த இடத்துல இருந்தாலும் ஒரு மூட்டையோட பாதிப்பு அதே சதவீதம்தான்.

பழைய கோட்ல இந்த வரி சரியாத்தான் இருந்துச்சு, ஆனா மொத்தமா வாங்குறப்ப முதல் மூட்டையோட விலையிலயே எல்லாத்தையும் பில் போட்டுட்டு அப்புறமா இருப்ப குறைச்சிருந்தாங்க. டெஸ்டிங் பாக்குற தம்பி ஒருநாள் சிரிச்சுக்கிட்டே வந்து "அண்ணா, வண்டிய ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்ணா, ஏற்காட்டுலயே நின்னுக்கிட்டு பணக்காரன் ஆயிடலாம்"னான். பண்ணிக் காட்டுனான், 20 மூட்டை 80 விலைக்கு 1600 குடுத்து வாங்குனான், இருப்பு 20 குறைஞ்சதால விலை 97.7 ஆச்சு, அதே கடையில அதே 20 மூட்டையும் 97.7க்கு வித்தான், கையில 1954. விலை மறுபடி 80க்கு வந்து நிக்குது, பட்டன அமுக்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

இதுக்கு மருந்து, ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியா விலை போட்டுக் கூட்டணும், அவ்ளோதான். ஆனா அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, அத நெறைய பேர் விட்டுடுறாங்க. வாங்கும்போது `price(s)`, அதாவது எடுக்குறதுக்கு முன்னாடி இருக்குற இருப்போட விலை. விக்கும்போது `price(s+1)`, அதாவது அந்த மூட்டை உள்ள வந்த பிறகு வர்ற விலை. ரெண்டுக்குமே `price(s)` போட்டீங்கன்னா 80க்கு வாங்கி 80.8க்கு விக்கலாம், மூட்டைக்கு 80 காசு, ஆட்டோ க்ளிக்கர் வச்சிருக்குற ஒருத்தனுக்கு அது போதும். `s+1` போட்டா அதே இடத்துல வாங்கி வித்தா லாபம் கரெக்டா பூஜ்யம், அதுக்கு மேல மண்டிக் கமிஷன் மாதிரி ரெண்டு பக்கமும் கொஞ்சம் புடிச்சா நின்ன இடத்துல பண்ற எந்தச் சுத்தும் நஷ்டம்தான். எங்க டெஸ்ட்ல முதல் டெஸ்டே இதுதான், ராண்டமா வாங்கு, வித்துடு, வண்டி நகராம பணம் ஒரு காசு கூடியிருந்தாலும் ஃபெயில்.

சரி, இப்ப வண்டி நகருது. கமிஷன விட்டுட்டு கணக்கு போட்டுப் பாருங்க, ஏற்காட்டுல வாங்க வாங்க 80ல இருந்து ஏறுது, சேலத்துல விக்க விக்க 120ல இருந்து இறங்குது, ரெண்டும் 20 மூட்டை கிட்ட 98ல முட்டிக்குது. முதல் 10 மூட்டைக்கு சுமார் 300 லாபம், அடுத்த 10க்கு வெறும் 100, அதுக்கு மேல ஏத்துற ஒவ்வொரு மூட்டையும் கைக்காசு. பெரிய லாரி வாங்குனவன் அத முழுக்க காப்பியா ரொப்பமாட்டான், கொஞ்சம் காப்பி கொஞ்சம் மிளகுன்னு கலந்து ஏத்துவான், இத யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, விலையே சொல்லிடும்.

ஆனா என் கணக்குல விலை ஃபார்முலா பாதி வேலைதான், பொருளாதாரத்த காப்பாத்துறது, கெடுக்குறது ரெண்டுமே இருப்பு திரும்பி வர்ற வேகம்தான். நம்ம கேம்ல தோட்டம் காய்க்குறதையும் ஊர்க்காரங்க காப்பி குடிக்குறதையும் ஒரே வரில வச்சிருக்கோம், ஒவ்வொரு மணி நேரமும் (கேம் மணிதான்) target-க்கும் இருப்புக்கும் உள்ள இடைவெளில 10 சதவீதம் தானா நிரம்பும், இல்ல கரையும். 20 மூட்டை இடைவெளின்னா பாதி ஆறுறதுக்கு ஆறேழு மணி நேரம் ஆகும்.

இத வச்சு அந்த ரூட்டோட உச்சவரம்ப பேப்பர்லயே போட்டுடலாம். இடைவெளி எப்பவும் 10 மூட்டையா இருக்குற மாதிரி ஒருத்தன் ஓட்டுறான்னு வைங்க, மணிக்கு 1 மூட்டைதான் திரும்பி வருது, அப்ப ஏற்காட்டு விலை 88.4, சேலத்து விலை 108.6, வித்தியாசம் 20. ஆக மணிக்கு 20 ரூபா. பேராசப்பட்டு இடைவெளி 15 வரைக்கும் உறிஞ்சுனா மணிக்கு ஒன்றரை மூட்டை வரும், ஆனா வித்தியாசம் 10 ஆயிடும், மொத்தம் 15தான். கம்மியா எடுத்தாலும் கம்மி. முதல்ல வந்தவனுக்கு அந்த 300, 400 போனஸ் மாதிரி, அதுக்கப்புறம் இந்த ரூட் தர்றது மணிக்கு 20, அதுவும் ஓட்டுற எல்லாருக்கும் சேத்து.

அந்த "எல்லாருக்கும் சேத்து"லதான் சிக்கல். ஆபீஸ்ல நாங்க நாலு பேர் ஆடுறப்ப அழகா இருந்துச்சு, வெளியாளுங்கள உள்ள விட்டதும் எல்லா ஊர் விலையும் ஒண்ணா படுத்துடுச்சு, புதுசா வந்தவங்க ஒரு லோடு ஓட்டி டீசல் காசு கூட வரலைன்னு போயிட்டாங்க. உடனே டீம்ல ஒருத்தர் 10 சதவீதத்த 50 ஆக்கிடலாம்னாரு. பண்ணக்கூடாதுன்னு சண்டையே போட்டேன், ஏன்னா அப்ப ராத்திரி ஆள் கம்மியா இருக்குற நேரத்துல ஒத்தையா ஆடுறவனுக்கு அதே ரூட் மணிக்கு 100 குடுக்கும், மறுபடி நோட்டு அடிக்குற மெஷின்தான். மாத்த வேண்டியது `k`. ஓடுற லாரி 50ன்னா 0.01ஐ 50ஆல வகுத்துடணும், மூட்டைக்கு விலை அசையுறது 50ல ஒரு பங்கு, முட்டிக்குற இடம் 20 மூட்டைல இருந்து 1000 மூட்டைக்குப் போகும், திரும்பி வர்ற மூட்டையும் அதே 50 மடங்கு, ஆக தலைக்கு மணிக்கு அதே 20. இத சட்டுனு மாத்துனா விலை குதிக்கும், அதனால ஒரு நாள் சராசரிய எடுத்து மெதுவா நகத்துறோம். கூடவே இடைவெளியையும் அதே மடங்குல பெருக்கிடணும், இல்லன்னா நேத்து 10 மூட்டை குறைவா இருந்த ஊர் இன்னைக்கு target-லயே இருக்குற மாதிரி காட்டும், வாங்கி வச்சவனுக்கு ஒரே அடியா நஷ்டம்.

இன்னொண்ணு, ஏற்காட்டுல குடுத்த காசு கேம விட்டு வெளிய போகுது, சேலத்துல வாங்குன காசு புதுசா உள்ள வருது, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம், அதாவது லாபம்னா புதுப் பணம். எல்லா ரூட்டோட உச்சவரம்பையும் கூட்டுனா மணிக்கு அதிகபட்சம் எவ்ளோ புதுப் பணம் பொறக்கும்னு தெரிஞ்சுடும். அதுல பெரும்பங்க டீசல், டயர், ரிப்பேர் தின்னுடுற மாதிரி வச்சிருக்கோம், மிச்சம்தான் ஆடுறவனோட வளர்ச்சி.

இன்னும் முழுசா அடங்காதது சீசன். சேலத்து மாம்பழம் ஏப்ரல்ல வர ஆரம்பிக்கும், அப்ப அதோட `base` இறங்கும், அது அழுகிடும்ங்கறதால பதுக்க முடியாது, பிரச்சன இல்ல. மிளகு அப்படி இல்ல, சீசன்ல மலிவா வாங்கி மாசக்கணக்கா குடோன்ல போட்டு வச்சிடுறாங்க, வண்டி ஓட்டாமலே லாபம். `base`-ஐ ஒரே நாள்ல மாத்தாம பல நாளா நகத்துனோம், மூட்டைக்கு இத்தனைன்னு குடோன் வாடகையும் போட்டோம். வாடகை கம்மியா இருந்தா எல்லாரும் பதுக்குறாங்க, கூட்டுனா சீசனுக்கே அர்த்தமில்லாம போகுது, இப்போதைக்கு மொத்த விலை ஏற்றத்துல பாதிய வாடகை சாப்பிடுற மாதிரி வச்சு ஓடிக்கிட்டிருக்கு.