பேரும் நம்மது இல்ல, காசும் எப்ப வரும்னு தெரியல

ஒரு சின்ன ஏஜென்சிக்கு சப்கான்ட்ராக்ட்ல வெப்சைட் பண்ணிக் கொடுத்துட்டு இருந்தேன். ஓனர், ஒரு டிசைனர், கணக்கு பாக்க பார்ட் டைம்ல ஒருத்தர், அவ்ளோதான் ஏஜென்சி. கிளையன்ட் கிட்ட பேசும்போது மட்டும் "எங்க டெவலப்மென்ட் டீம்"னு சொல்லுவாங்க, அந்த டீம் முழுசும் நான் ஒருத்தன் தான் :)

ஒயிட் லேபிள்னா இதான். வேலை நம்மது, பேரு அவங்களது. ஏஜென்சி டொமைன்லயே எனக்கு ஒரு மெயில் ஐடி கொடுத்தாங்க, மீட்டிங்ல அந்த ஐடில தான் உக்காரணும். இதுல மாட்டிக்கிறது எல்லாம் சின்ன சின்ன இடத்துல தான். ஒரு தடவ வேர்ட்பிரஸ் தீம் முடிச்சு கொடுத்துட்டேன், ரெண்டு நாள் கழிச்சு ஓனர் போன் பண்ணி "கிளையன்ட் யாரு இவருன்னு கேக்கறாரு"ன்னாரு. என்னன்னு பாத்தா `style.css` ஃபைல்ல மேல `Author:` வரில என் பேரு அப்படியே கிடக்கு, அது அட்மின் பக்கத்துல தீம் விவரத்துல பளிச்சுன்னு தெரியும். அப்புறம் இருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த வரி, கிட் கமிட்ல போற பேரு, காலெண்டர் இன்வைட் எந்த ஐடில இருந்து போகுது, இது மூணையும் பாக்காம எதையும் அனுப்பறது இல்ல.

ரேட் விஷயத்துக்கு வரேன். அவங்க கிளையன்ட் கிட்ட மணிக்கு 100 வாங்குறாங்கன்னா எனக்கு 55. முதல்ல கேட்டப்ப எனக்கும் வயிறு எரிஞ்சுச்சு, ஆனா உக்காந்து யோசிச்சா அந்த 45ல நியாயம் இருக்கு. கிளையன்ட்ட புடிச்சது அவங்க, பத்து பேர்கிட்ட கொட்டேஷன் கொடுத்து ஒம்போது பேர் வேணாம்னு சொன்ன நேரம் எல்லாம் அவங்களது, "லோகோவ கொஞ்சம் பெருசாக்குங்க"ங்கற மெயிலுக்கு பொறுமையா பதில் போடறதும் அவங்க தான். எல்லாத்தையும் விட பெரிய விஷயம், கிளையன்ட் காசு கொடுக்கலன்னா அந்த நஷ்டம் அவங்க தலைல. அந்த ரிஸ்க்குக்கும் சேத்து தான் 45. இத நான் அப்ப சரியா புரிஞ்சுக்கல.

அந்த ப்ராஜெக்ட்டுக்கு 60 மணி நேரம்னு எஸ்டிமேட் கொடுத்தேன். சைட் லைவ் போனதும் இன்வாய்ஸ், இன்வாய்ஸ்ல இருந்து 30 நாள்ல பேமெண்ட். கேக்க நல்லா தான இருக்கு? வேலை 5 வாரம் ஓடுச்சு, அப்புறம் கிளையன்ட் கன்டென்ட் தரல, போட்டோ தரல, அப்படியே 3 வாரம் சும்மா கிடந்துச்சு, அதுக்கப்புறம் தான் லைவ், அதுக்கு மேல 30 நாள். கூட்டிப் பாத்தா முதல் நாள் வேலை பாத்ததுக்கு காசு கைக்கு வர 12 வாரத்துக்கு மேல ஆகுது, அதுவும் எல்லாம் ஒழுங்கா நடந்தா. அதாவது மூணு மாசம் வட்டியில்லாம அவங்களுக்கு கடன் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன், அது கடன்னு எனக்கே தெரியாம.

நடுவுல "சின்ன மாத்தம் தான்"னு வந்தது தனி. கிளையன்ட் டிசைனர்கிட்ட சொல்ல, டிசைனர் ஓனர்கிட்ட சொல்ல, ஓனர் எனக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொல்ல, கடைசில எனக்கு வந்து சேரும்போது பாதி மாறி இருக்கும், ஒரே மெனுவ மூணு தடவ பண்ணேன். 14 மணி நேரம் அதுல போச்சு. எதையும் எழுத்துல கேட்டு வாங்கல, அது என் தப்பு தான்.

30 நாள் முடிஞ்சுது. மெசேஜ் போட்டேன். "கிளையன்ட் இன்னும் செட்டில் பண்ணல, வந்ததும் முதல் பேமெண்ட் உங்களுக்கு தான் பிரதர்"னு பதில். இத படிச்ச உடனே உஷாராகி இருக்கணும். அக்ரிமெண்ட்ல 30 நாள்னு தான் இருக்கு, கிளையன்ட் கொடுத்தா தான் எனக்குன்னு எங்கயும் இல்ல. அப்ப ரிஸ்க்க நான் சுமக்கறேன், ரிஸ்க்குக்கான 45ல இருக்கற பங்கையும் அவரு வச்சுக்கறாரு. அடுத்த மாசம் பேச்சுவாக்குல டிசைனர் சொல்லி தான் தெரிஞ்சுது, கிளையன்ட் ஆரம்பத்துலயே பாதி காசு அட்வான்ஸா கொடுத்துட்டாராம். அந்த காசு முந்தின ப்ராஜெக்ட் பாக்கிக்கும் டிசைனர் சம்பளத்துக்கும் போயிடுச்சு. ஓனர் ஏமாத்தற ஆளுன்னு சொல்ல மாட்டேன், இந்த ப்ராஜெக்ட் காச எடுத்து போன ப்ராஜெக்ட்ட மூடறாரு, சின்ன ஏஜென்சி நிறைய இப்படி தான் ஓடுது, நடுவுல ஒரு கிளையன்ட் இழுத்தடிச்சா வரிசைல கடைசில நிக்கறவன் சப்கான்ட்ராக்டர்.

அப்ப என்கிட்ட சைட்டோட அட்மின் லாகின் இருந்துச்சு. ராத்திரி ஒரு மணிக்கு அந்த பேஜ திறந்து வச்சுட்டு, மெயின்டனன்ஸ் மோட்ல போட்டுடலாமான்னு உக்காந்திருந்தேன். போடல. கிளையன்ட்டுக்கு நான் யாருன்னே தெரியாது, அவருக்கும் எனக்கும் எந்த அக்ரிமெண்ட்டும் இல்ல, சைட்ட நிறுத்தினா அவரு யாவாரம் நிக்கும், அந்த நஷ்டத்த காட்டி ஏஜென்சி என் மேல திரும்பும். நேரா கிளையன்ட்ட போய் கேக்கவும் முடியாது, அவங்க கிளையன்ட்ட நேரடியா தொடர்பு கொள்ளக் கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன். லைவ் போன பிறகு நம்ம கைல பிடி எதுவும் கிடையாது, இருந்த பிடி எல்லாம் லைவ்க்கு முன்னாடி சோதிச்சுப் பாக்கற ஸ்டேஜிங் சர்வர்ல சைட் இருந்த வரைக்கும் தான்.

காசு மூணு தவணைல வந்துச்சு. 20 மணி நேரத்துக்கு, அப்புறம் 25க்கு, அப்புறம் 15க்கு. கடைசி தவணை வந்தப்ப முதல் நாள் வேலை பாத்து எட்டு மாசம். அந்த 14 மணி நேரம் வரவே இல்ல.

அதே ஓனர் மறுபடி கூப்பிட்டாரு. எனக்கும் வேலை வேணும், அவரும் மனுஷன் நல்லவர் தான். இந்த தடவ ரெண்டு ரேட் சொன்னேன். கிளையன்ட் கொடுத்தாலும் கொடுக்கலன்னாலும் எனக்கு தேதிக்கு வரும்னா 55, கிளையன்ட் கொடுத்த பிறகு தான்னா 75. அவரு 55னாரு. அப்படின்னா முதல் 20 மணி நேரத்துக்கு அட்வான்ஸ், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு இன்வாய்ஸ், 20 மணி நேரத்துக்கு மேல பாக்கி நின்னா வேலை நிக்கும், சைட் என் ஸ்டேஜிங் சர்வர்ல இருக்கும், கடைசி இன்வாய்ஸ் வந்த பிறகு தான் லைவ்க்கு மாத்துவேன், கோடோட உரிமையும் அப்ப தான் மாறும். திருத்தம் ரெண்டு ரவுண்டு, அதுக்கு மேல எவ்ளோ மணி நேரம்னு நான் எழுதி அனுப்புவேன், அவரு ஓகேன்னு டைப் பண்ணணும், வாய்ஸ் மெசேஜ் செல்லாது.

"பழகின ஆளு, இப்படி பேசறீங்களே"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. மூணாவது நாள் அட்வான்ஸ் வந்துச்சு. பழைய 14 மணி நேரத்த பத்தி அவரும் பேசல, நானும் கேக்கல, ஷீட்ல அந்த வரிய மட்டும் இன்னும் அழிக்காம வச்சிருக்கேன்.